பலகை சொல்வது ஒன்று, படிப்பவர் கொள்வது ஒன்று

பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த குருவிநத்தம், தென்பெண்ணையாற்றின் கரையை ஒட்டிய ஊர். ஆற்றில் நீர் ஓடும் நாள்களில் சிறுவர்கள் குளிக்க இறங்கினால், கரையில் நிற்கும் பெரியவர் ஒருவர், "டேய், அந்தப் பக்கம் போவாதே, மடு இருக்குது" என்று குரல் கொடுப்பார். அந்த ஒரு வாக்கியம் போதும். யாரிடம் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரியும். கையை நீட்டி இடத்தைக் காட்டுகிறார். சிறுவனுக்குப் புரியவில்லை என்றால் மீண்டும் கத்துகிறார்.

கரையில் அப்படி ஒருவர் இல்லாதபோது என்ன ஆகும்? 2022ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், பெண்ணையாற்றுக்குத் தெற்கே, நெல்லிக்குப்பத்தை அடுத்த பகுதியில், கெடிலம் ஆற்றின் தடுப்பணை அருகே குளிக்க இறங்கிய 7 பேர் மூழ்கி இறந்தனர். அத்தனை பேரும் சிறுமியரும் இளம் பெண்களும்தான். மேலே இருந்து பார்த்தால் நீரின் ஆழம் தெரியாது. தெரிந்தவர் சொல்ல வேண்டும். அல்லது ஒரு பலகை சொல்ல வேண்டும்.

நீச்சல் குளத்திலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் பெரியவரின் வேலையைச் செய்வது சுவரில் உள்ள பலகைதான். ஆனால் பலகைக்குக் கண் இல்லை. தன் முன் நிற்பவர் யார், அவருக்கு எந்த மொழி தெரியும், தான் சொன்னது அவருக்குப் புரிந்ததா என்பதை அது அறியாது. "நான் சொன்னது அதுவல்ல" என்று திருத்திச் சொல்லவும் அதனால் முடியாது. ஆகவே பலகையின் வாக்கியத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். பல மொழிகளில் எழுதினால், எல்லா மொழிகளிலும் அதே பொருள் இருக்க வேண்டும். சொல்வதற்கு இது எளிது. எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும்.

நாமே ஒரு பலகை எழுதிப் பார்ப்போம். குருவிநத்தத்தில் ஒரு சிறிய நீச்சல் குளமும், அதை ஒட்டி ஓர் உடற்பயிற்சிக் கூடமும் கட்டப்படுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்குத் தமிழ் வேண்டும். புதுச்சேரிக்குச் சுற்றுலா வந்தவர்கள் வருவார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் வேண்டும். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நிலப்பகுதி இது. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு ஊர் வரும் குடும்பங்கள் இங்கே உண்டு. புதுச்சேரி நகரின் தெருப் பலகைகளில் இன்றும் பிரெஞ்சும் தமிழும் சேர்ந்தே நிற்கின்றன. ஆகவே பிரெஞ்சும் வேண்டும். ஆக, மூன்று மொழிகள்.

குதிப்பதா, பாய்வதா, மூழ்குவதா?

முதல் விதியை எடுத்துக்கொள்வோம். நீச்சல் குளங்களில் ஆங்கிலத்தில் 'நோ டைவிங்' என்று இரண்டே சொற்களில் எழுதியிருப்பார்கள். இதைத் தமிழில் எப்படி எழுதுவது?

'மூழ்காதீர்' என்று ஒருவர் எழுதலாம். அகராதியைப் பார்த்தால் தவறில்லை. ஆனால் தமிழில் மூழ்குவது என்றால் நீருக்குள் தலையை முக்குவதும் ஆகும், நீரில் மூழ்கிச் சாவதும் ஆகும். படிப்பவர் சிரிப்பார், 'யாராவது வேண்டுமென்றே மூழ்குவார்களா?' என்று கேட்பார். பலகை தோற்றுவிட்டது.

'குதிக்காதீர்' என்று இன்னொருவர் எழுதலாம். இது தெளிவான சொல். ஆனால் சொல்ல வந்ததை விட அதிகமாகச் சொல்கிறது. கால் முதலில் நீரில் படும்படி மெல்லக் குதிப்பதையும் இது தடுக்கிறது. ஒரு பையன் அப்படிக் குதிக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. 'இந்தப் பலகை சும்மா எழுதி வைத்தது' என்று முடிவு செய்கிறான். அடுத்த முறை தலைகீழாகப் பாய்கிறான். தேவைக்கு மேல் தடுக்கும் பலகை இப்படித்தான் மதிப்பை இழக்கிறது.

பிரெஞ்சிலும் இதே தொல்லை உண்டு. 'பிளோன்ழே' என்ற வினைச்சொல் தலைகீழாகப் பாய்வதையும் குறிக்கும். நீருக்கடியில் முக்குளித்து நீந்துவதையும் குறிக்கும்.

சரியான வாக்கியத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், சொல்லை விட்டுவிட்டு ஆபத்தைப் பார்க்க வேண்டும். குளத்தின் ஆழம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல், நீரைத் தொடும்போது விநாடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர் வேகத்தில் இருக்கும். கைகளை நீட்டி, உடலை அம்புபோல் ஆக்கிப் பாய்பவரை, அந்தச் சிறிய தூரத்துக்குள் நீர் அதிகம் தடுத்து நிறுத்துவதில்லை. அதே வேகத்தில் 1.2 மீட்டரைக் கடக்கக் கால் விநாடிக்குச் சற்று மேல் போதும். 'தரை வந்துவிட்டது' என்று உணர்ந்து கையை ஊன்றுவதற்குள் தலை மோதிவிடும். பின்னால் வரும் உடலின் எடை முழுவதும் கழுத்தின் மேல் இறங்கும். கழுத்தெலும்பு முறிந்து, அதற்குள் செல்லும் தண்டுவடம் நசுங்கினால், கையும் காலும் செயலற்றுப் போகலாம். கால் முதலில் இறங்கினால் முழங்கால் மடங்கி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். கழுத்து அப்படி மடங்கித் தாங்காது.

இப்போது நமக்குத் தெரிந்துவிட்டது: ஆபத்து குதிப்பதில் இல்லை, தலை முதலில் போவதில் இருக்கிறது. ஆகவே,

'தலைகீழாகப் பாயாதீர்கள். ஆழம் குறைவு. கழுத்து முறியும்.'

மூன்று சிறிய வாக்கியங்கள். முதலாவது என்ன செய்யக் கூடாது என்கிறது. இரண்டாவது ஏன் என்கிறது. மூன்றாவது மீறினால் என்ன நேரும் என்கிறது. இந்த மூன்றையும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அப்படியே எழுத முடியும். நாம் மொழிபெயர்ப்பது 'டைவிங்' என்ற சொல்லை அல்ல. குளத்தின் ஓரத்தில் ஓர் உடல் செய்யும் செயலை.

வினைக்குள் ஒளிந்திருக்கும் 'இல்லை'

ஆங்கிலப் பலகையில் 'நோ' என்ற சொல் முதலில் வருகிறது. ஓர் எழுத்தையும் படிக்காமலே அது மறுப்பு என்று தெரிந்துவிடும். தமிழில் அப்படி அல்ல. ஓடுங்கள், ஓடாதீர்கள் என்ற இரண்டையும் பாருங்கள். மறுப்பு வினைச்சொல்லின் வயிற்றுக்குள் இருக்கிறது. வாக்கியம் நீண்டால், அந்த வினை வரியின் கடைசிக்குப் போய்விடும். ஈரக் கண்ணோடு, நடந்துகொண்டே படிப்பவர் வரியின் கடைசி வரை வருவார் என்று சொல்ல முடியாது.

ஒரு மறுப்பே இப்படி என்றால் இரண்டு மறுப்பு சேர்ந்தால் கேட்க வேண்டுமா? 'குளிக்காமல் குளத்தில் இறங்கக் கூடாது' என்று பலர் எழுதுவார்கள். 'குளிக்காமல்' ஒரு மறுப்பு. 'கூடாது' இன்னொரு மறுப்பு. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகுதான், குளித்துவிட்டு இறங்க வேண்டும் என்ற பொருள் கிடைக்கிறது. அவசரத்தில் படிப்பவர் கண்ணில் 'குளத்தில் இறங்கக் கூடாது' மட்டும் படலாம்.

இதில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. நம் ஊரில் ஆற்றுக்கும் குளத்துக்கும் போவதையே 'குளிக்கப் போகிறேன்' என்றுதான் சொல்கிறோம். குளிக்க வந்தவரிடம் 'குளித்துவிட்டு வா' என்றால் அவர் விழிப்பார். அவர் மேல் தவறில்லை. பிரெஞ்சிலும் 'பெஞ்ஞாத்' என்ற சொல் நீராடுவதற்கும் ஆற்றிலோ கடலிலோ நீந்துவதற்கும் பொதுவாக வழங்குவதுதான்.

மறுப்புகளை எடுத்துவிட்டு, செயல்களை நடக்கும் வரிசையில் வைத்தால் எல்லாம் தெளிந்துவிடும்.

'முதலில் இந்தக் குழாயடியில் உடம்பைக் கழுவுங்கள். பிறகு குளத்தில் இறங்குங்கள்.'

பலகையைக் குழாய்க்கு மேலேயே மாட்டிவிட்டால் 'இந்த' என்ற சொல்லே இடத்தைக் காட்டிவிடும். கரையில் நின்ற பெரியவர் கையை நீட்டியது போல. இந்த விதிக்கும் காரணம் உண்டு. கிருமியைக் கொல்ல நீரில் குளோரின் சேர்க்கிறார்கள். அது வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு கலந்து குளோரமீன் என்ற பொருள்களாகிறது. கண் எரிவதற்கும், 'குளோரின் நெடி' என்று நாம் சொல்லும் வாடைக்கும் பெரும்பாலும் இவைதான் காரணம். அழுக்கோடு ஒருவர் இறங்கினால், கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் அழுக்கிலேயே செலவாகிவிடும்.

எண்களும் மொழி மாறும்

'எண்களை மொழிபெயர்க்க வேண்டாம் அல்லவா?' என்று நீங்கள் நினைக்கலாம். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

பிரெஞ்சில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடுவார்கள். நமது 1.20 மீட்டர் அவர்களுக்கு 1,20 மீட்டர். அந்தக் காற்புள்ளியை நம் பிள்ளை பார்த்தால், ஆயிரம், லட்சம் பிரிக்கும் காற்புள்ளி என்று நினைப்பான். அல்லது '1, 20' என்று இரண்டு எண்களாகப் படிப்பான். பிரெஞ்சுக்காரருக்கு நம் புள்ளி அதேபோல அந்நியம். இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. ஆழத்தைச் சென்டிமீட்டரில் எழுதிவிடுங்கள்: 120 செ.மீ. புள்ளியும் இல்லை, காற்புள்ளியும் இல்லை. மூன்று மொழிக்கும் ஒரே எண். அடிக்கணக்கில் பழகிய பெரியவர்களுக்காகப் பக்கத்திலேயே '4 அடி' என்று சேர்த்துக்கொள்ளலாம்.

உடற்பயிற்சிக் கூடத்தில் எண் இன்னும் பொல்லாதது. பளுத் தட்டில் வெறும் 45 என்று பொறித்திருந்தால் அது பெரும்பாலும் பவுண்டுக் கணக்கு, அதாவது 20.4 கிலோகிராம். கிலோவில் பழகிய ஒருவர், எண்ணை மட்டும் பார்த்துத் தூக்கினால் ஏமாறுவார். பவுண்டில் பழகியவர் கிலோத் தட்டை எடுத்தால், நினைத்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் எடை மார்பின் மேல் இறங்கும். ஆகவே அலகு இல்லாத எண்ணைப் பலகையில் எழுதவே கூடாது. தட்டுகள் அடுக்கிய இடத்தில், '45 பவுண்டு = 20 கிலோ' என்று ஒரு சிறு அட்டவணை தொங்கினால் போதும்.

நேரத்துக்கு வருவோம். 'நேரம் 6 - 8' என்று எழுதினால் காலையா மாலையா? பிரெஞ்சில் மாலை 6.30 என்பதை 18 மணி 30 என்று எழுதுவார்கள். நம் ஊரில் 18 மணி என்று யாரும் பேசுவதில்லை. இரண்டையும் அவரவர் வழக்கப்படியே எழுதுவதுதான் முறை. தமிழில் 'மாலை', 'காலை', 'நண்பகல்' என்ற சொற்களை விடாமல் எழுத வேண்டும். '12 மணி' என்று மட்டும் எழுதினால் நண்பகலா நள்ளிரவா என்பது தெரியாது.

'8 மணி வரை' என்பதிலும் சண்டை உண்டு. 8 மணி வரை உள்ளே நுழையலாமா? 8 மணிக்கு நீரை விட்டு ஏற வேண்டுமா? வாயிற்கதவு 8 மணிக்கு மூடுமா? வாக்கியத்தை மூன்றாக உடைத்துவிடுங்கள்.

'மாலை 7.15க்குப் பின் நுழைவு இல்லை. மாலை 7.45க்கு நீரை விட்டு ஏறுங்கள். இரவு 8.00 மணிக்குக் கதவு மூடப்படும்.'

கிழமையிலும் ஒரு சொல் நம்மைக் கவிழ்க்கும். அது 'மட்டும்'. 'திங்கட்கிழமை பெண்களுக்கு மட்டும்' என்றால் அன்று ஆண்கள் வரக் கூடாது. பெண்கள் மற்ற நாள்களிலும் வரலாம். 'பெண்களுக்குத் திங்கட்கிழமை மட்டும்' என்றால் பெண்கள் மற்ற நாள்களில் வரக் கூடாது. சொற்கள் அவையே, 'மட்டும்' ஒட்டிய இடம் மாறியது, பொருள் தலைகீழாயிற்று. இரண்டு வாக்கியமாக எழுதினால் வம்பில்லை: 'திங்கட்கிழமை ஆண்களுக்கு அனுமதி இல்லை. பெண்கள் எல்லா நாள்களிலும் வரலாம்.'

கிழமைப் பெயரைச் சுருக்கி எழுதுவதும் ஆகாது. சிங்கப்பூரில் ஆங்கிலம், மாண்டரின், மலாய், தமிழ் என நான்கும் அதிகார மொழிகள். அங்கே 'லாவ் பா சாட்' என்ற பழைய சந்தை ஒன்று புகழ்பெற்றது. 2014ஆம் ஆண்டு, அதற்கு வழிகாட்டும் பலகை ஒன்றில் தமிழ்ப் பெயர் 'லாவ் பா சனி' என்று வந்துவிட்டது. 'சாட்' என்ற மூன்றெழுத்தை ஆங்கிலத்தில் சனிக்கிழமையின் சுருக்கமாக எடுத்துக்கொண்டதால் வந்த வினை. தமிழ் மக்கள் சுட்டிக்காட்டிய பிறகு திருத்தினார்கள். இடப்பெயரில் நேர்ந்ததால் சிரிப்போடு போயிற்று. ஆழத்தைச் சொல்லும் பலகையில் இப்படி நேர்ந்தால் சிரிக்க முடியாது. அந்த மொழி தெரிந்த ஒருவர் அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை படித்திருந்தால் தவறு அங்கேயே பிடிபட்டிருக்கும்.

எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும்?

கண் மருத்துவர் சுவரில் மாட்டும் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். குறையில்லாத கண் 6 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கக்கூடிய ஆங்கில எழுத்தின் உயரம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். ஆனால் நீந்த வருபவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறார். அவர் பார்வை நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தால், நான்கு மடங்கு பெரிய எழுத்து வேண்டும். அதாவது 36 மில்லிமீட்டர். தமிழில் ண, ஞ, றை போன்ற எழுத்துகளில் சுழிகளும் வளைவுகளும் நெருங்கி நிற்கின்றன. மெய்யெழுத்தின் மேல் சிறு புள்ளி வேறு. ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவு இவற்றுக்குப் போதாது. ஆகவே குளத்தின் எதிர்க்கரையிலிருந்து படிக்க வேண்டிய வரிக்கு 5 சென்டிமீட்டர் உயரம் கொடுத்தால் நல்லது. மூன்று மொழியையும் ஒரு பலகையில் திணிக்கும்போது பெரும்பாலும் தமிழ்தான் சிறுத்துப் போகிறது. இடம் போதவில்லை என்றால் விதிகளைக் குறையுங்கள், எழுத்தைக் குறைக்காதீர்கள்.

படிக்கவே தெரியாத குழந்தைக்குப் படம் வேண்டும். இதில் உலக அளவில் ஒப்புக்கொண்ட நிறமும் வடிவமும் இருக்கின்றன. சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் 'செய்யாதே'. மஞ்சள் முக்கோணம் 'எச்சரிக்கை'. நீல வட்டம் 'இதைச் செய்தாக வேண்டும்'. பச்சை 'பாதுகாப்பான வழி' அல்லது 'முதலுதவி'. தமிழ் வினைக்குள் ஒளிந்திருக்கும் அந்த மறுப்பை, சிவப்புக் கோடு வெளியே இழுத்துக் காட்டிவிடுகிறது.

பலகைக்கும் தேர்வு உண்டு

பலகையை எழுதியவருக்கு அது எப்போதும் தெளிவாகவே தெரியும். ஆகவே அவரை விட்டு வெளியே சோதிக்க வேண்டும். ஒரு தாளில் எழுதி, அதைப் பார்க்காத பத்துப் பேரிடம் தனித்தனியே காட்டுங்கள். 'புரிகிறதா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் 'புரிகிறது' என்றுதான் சொல்வார்கள். 'இதைப் படித்த பின் நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். விடையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

விடைகளை மூன்றாகப் பிரிக்கலாம்: சரி, தவறு, தலைகீழ். கடைசி வகைதான் கவனிக்க வேண்டியது. 'ஒன்றும் விளங்கவில்லை' என்பவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். நேர் எதிராக விளங்கிக்கொண்டவரோ துணிந்து நீரில் பாய்வார். பாதுகாப்புப் படக்குறிகளுக்கான அமெரிக்கத் தரவிதி ஒன்று இதையே அளவாக வைத்திருக்கிறது: நூற்றுக்கு 85 பேராவது சரியாகச் சொல்ல வேண்டும், ஆபத்தான முறையில் தவறாகக் கொள்பவர் 5 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பத்துப் பேரை வைத்து நூற்றுக் கணக்கு போட முடியாது. ஆனால் பத்தில் ஒருவர் தலைகீழாகச் சொன்னாலே அந்த வரியை மாற்றி எழுதுவது நல்லது.

பிற மொழி வரிகளுக்கு வேறொரு சோதனை உண்டு. பிரெஞ்சு வரியை மட்டும், தமிழ்ப் பலகையைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் எழுதியதையும் நம் பலகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருக்கும் இடத்தில் கோளாறு இருக்கிறது.

இப்படிச் சலித்த பின் நம் குருவிநத்தம் பலகை இவ்வாறு நிற்கும்:

நீச்சல் குளம்
ஆழம் 120 செ.மீ. (4 அடி).
தலைகீழாகப் பாயாதீர்கள். கழுத்து முறியும்.
குளத்தைச் சுற்றி ஓடாதீர்கள். தரை வழுக்கும்.
12 வயது நிறையாதவர்கள் பெரியவர் ஒருவருடன் வாருங்கள். பெரியவர் குளத்தருகிலேயே இருங்கள்.
மாலை 7.45க்கு நீரை விட்டு ஏறுங்கள்.

உடற்பயிற்சிக் கூடம்
ஓடும் பட்டையிலிருந்து குதிக்காதீர்கள். முதலில் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். பட்டை நின்ற பின் இறங்குங்கள்.
படுத்துக்கொண்டு பளுவைத் தூக்கும்போது, தலைமாட்டில் ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள்.
நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்துங்கள். அருகில் உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

'12 வயதுக்கு உட்பட்டவர்' என்று எழுதாததைக் கவனித்தீர்களா? அப்படி எழுதினால் சரியாக 12 வயதான பிள்ளை உள்ளேயா வெளியேயா என்ற கேள்வி வரும். 'நிறையாதவர்' என்றால் அந்தக் கேள்வி எழாது.

அடுத்த முறை பள்ளியிலோ, பேருந்து நிலையத்திலோ, ஆற்றங்கரையிலோ ஒரு பலகையைப் பார்க்கும்போது சற்று நில்லுங்கள். அதை எத்தனை விதமாகத் தவறாகப் படிக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு விதம் கிடைத்தால், அதை ஒரே விதமாகப் படிக்கும்படி உங்கள் குறிப்பேட்டில் திருத்தி எழுதிப் பாருங்கள். எழுதியதை உங்கள் பாட்டியிடமும் தம்பியிடமும் காட்டி, 'என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். இருவரும் ஒரே விடை சொன்னால் அதைச் சுவரில் மாட்டலாம்.